பட்டுக்கடைக்கு ஆண்டு விளம்பரக் காலண்டர்: காலாண்டு வாரியாகப் பணம் பிரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரணி, காஞ்சிபுரம், கும்பகோணம் பக்கத்துப் பட்டுக்கடைகளுக்கு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், கூகுள் விளம்பரம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. மார்ச் மாதம் வந்தால் எல்லாக் கடையிலிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன, அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கணக்குக்காக ஆரணியில் ஒரு நடுத்தரக் கடையைக் கற்பனையாக வைத்துக்கொள்ளலாம்: கடையிலும் விற்கிறார்கள், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியரிலும் அனுப்புகிறார்கள், ஏப்ரல் முதல் மார்ச் வரை கட்டண விளம்பரத்துக்கு 12 லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள். கீழே வரும் சதவீதங்கள் அந்தக் கடைக்கானவை. முறையை எடுத்துக்கொள்ளுங்கள், எண்களை உங்கள் பில்லிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு 12 லட்சம்னா மாசம் ஒரு லட்சம்னு போட்டுட்டுப் போகலாமே, எதுக்கு இந்தக் காலண்டர் எல்லாம்?

போடலாம். போட்டால் மார்கழியில் அந்த ஒரு லட்சம் வாங்காத ஆட்களுக்குச் சேலை காட்டித் தீரும், தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு அதே ஒரு லட்சம் பத்தாமல் போகும். பட்டு வருஷம் முழுக்க ஒரே மாதிரி விற்கிற சரக்கு இல்லையே.

பத்தாமல் போவதைக் கண்டுபிடிப்பது சுலபம். கூகுள் விளம்பரக் கணக்கில் கேம்பெய்னுக்குப் பக்கத்தில் `Limited by budget` என்று காட்டும். அதாவது தேடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், உங்கள் அன்றைய பணம் அவர்கள் எல்லோருக்கும் போதவில்லை. போன வருஷம் இது எந்தெந்த வாரத்தில் வந்தது என்று பார்த்தாலே பாதிக் காலண்டர் கிடைத்துவிடும்.

காலாண்டுன்னா எதை வச்சுக்கறது? ஜனவரியிலிருந்தா, ஏப்ரலிலிருந்தா?

ஆடிட்டருக்கு ஏப்ரல்–மார்ச்தான் வசதி, அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் திட்டத்தைக் காலாண்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஜூலை–செப்டம்பர் என்ற ஒரே காலாண்டுக்குள் ஆடித் தள்ளுபடி, ஆவணி முகூர்த்தம், புரட்டாசி மந்தம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று வியாபாரம் இருக்கிறது. மொத்தமாக 18 சதவீதம் என்று எழுதி வைத்தால் யாருக்கும் எதுவும் புரியாது.

முதலில் தமிழ் மாதத்தை வைத்து சீசன்களைப் பிரியுங்கள். தமிழ் மாதம் சூரியக் கணக்கு என்பதால் ஆடி எப்போதும் ஜூலை 17 ஒட்டியும், மார்கழி டிசம்பர் 16 ஒட்டியும், தை ஜனவரி 14 அல்லது 15-லும் பிறக்கும், ஒரு நாள் முன்னே பின்னே போகலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு சீசனுக்கும் பணம் ஒதுக்கிய பிறகு, அந்தப் பணம் எந்த ஆங்கில மாதத்தில் செலவாகிறது என்று கூட்டினால் ஒவ்வொரு காலாண்டுக்கும் எத்தனை சதவீதம் என்ற எடை தானாக வந்துவிடும்.

எந்த சீசனுக்கு எவ்வளவுன்னு எப்படி முடிவு பண்றது? ஆளாளுக்கு ஒரு சதவீதம் சொல்றாங்க.

பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து மூன்று வருஷப் பில்லை வாரவாரியாக எடுங்கள். மாதவாரியாக எடுத்தால் ஆடியும் ஆவணியும் ஆகஸ்ட்டில் கலந்துவிடும். அடுத்து, விற்பனைத் தொகையைப் பார்க்காமல் சேலைக்கு நின்ற லாபத்தைப் பாருங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான்.

ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். அடக்கம் 7,500, விலை 10,000. சாதாரண நாளில் 2,500 நிற்கும். ஆடியில் 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 8,000-க்குப் போகும், நிற்பது 500. சாதாரண நாளில் ஒரு சேலையில் கிடைத்ததை ஆடியில் எடுக்க ஐந்து சேலை விற்க வேண்டும். இப்போது ஒரு பில்லுக்கு விளம்பரச் செலவு 400 ரூபாய் ஆகிறது என்றால், சாதாரண நாளில் 2,100 கைக்கு வருகிறது, ஆடியில் 100. விற்பனைத் தொகையை மட்டும் பார்த்து எடை போட்டால் ஆடிக்கு நிறையப் பணம் போய்விடும், மாதக் கடைசியில் கல்லா நிறைந்த மாதிரி இருக்கும், கணக்கில் ஒன்றும் நிற்காது. பழைய சரக்கைத் தள்ளுவதுதான் நோக்கம் என்றால் அது வேறு, அப்போது அந்த 400-ஐயும் சரக்குத் தள்ளும் செலவாக எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, அந்த 12 லட்சத்தைப் பிரிச்சுத்தான் காட்டுங்களேன்.

லாபத்தை வைத்துப் பிரித்ததில் நம் ஆரணிக் கடைக்கு இப்படி வருகிறது:

| சீசன் | பங்கு | தொகை |
|---|---|---|
| சித்திரை–வைகாசி–ஆனி முகூர்த்தம் | 22% | 2,64,000 |
| ஆடி | 8% | 96,000 |
| ஆவணி முகூர்த்தம் | 10% | 1,20,000 |
| தீபாவளி | 30% | 3,60,000 |
| ஐப்பசி–கார்த்திகை முகூர்த்தம் | 8% | 96,000 |
| தை–மாசி–பங்குனி | 15% | 1,80,000 |
| கையிருப்பு | 7% | 84,000 |

இதைக் காலாண்டுக்கு மாற்றும்போது, விளம்பரம் ஓடும் தேதியை வைத்துக் கூட்ட வேண்டும், பில் போடும் தேதியை வைத்தல்ல. தை சீசனின் 15-ல் 5 டிசம்பரிலேயே செலவாகிவிடும். சித்திரைக் கல்யாணங்களுக்கான 22-ல் 3 மார்ச்சில் போய்விடும், அது நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் விழும். 2026–27-க்குக் கூட்டினால் ஏப்ரல்–ஜூன் 19, ஜூலை–செப்டம்பர் 18, அக்டோபர்–டிசம்பர் 43, ஜனவரி–மார்ச் 13, கையிருப்பு 7.

தீபாவளி தேதி வருஷா வருஷம் மாறுதே, போன வருஷக் காலாண்டுக் கணக்கையே திரும்பப் போடலாமா?

கூடாது. ஆடியும் தையும் நகராது, தீபாவளி நகரும். 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. நம் கடை தீபாவளிக்கு 35 நாள் முன்பு விளம்பரத்தை ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வாரத்துக்கு 90,000, அடுத்த இரண்டு வாரத்துக்கு 1,80,000, கடைசி வாரத்துக்கு 90,000.

2025-ல் இது செப்டம்பர் 15 அன்றே ஆரம்பித்துவிடும். முதல் 90,000 முழுக்கவும், அடுத்த கட்டத்தின் இரண்டு நாள் செலவான சுமார் 25,700-ம் செப்டம்பர் முடிவதற்குள் போய்விடும். ஆக ஏறக்குறைய 1,15,700 ரூபாய் இரண்டாம் காலாண்டில் விழுகிறது. 2026-ல் ஆரம்பமே அக்டோபர் 4, ஒரு ரூபாய் கூட இரண்டாம் காலாண்டில் வராது. அதே கடை, அதே திட்டம், ஆனால் 2025–26-ல் இரண்டாம், மூன்றாம் காலாண்டு எடை 28, 33 என்றும், 2026–27-ல் 18, 43 என்றும் வரும். இதைக் கவனிக்காமல் போன வருஷ 28-ஐ அப்படியே வைத்தால் 2026 செப்டம்பரில், புரட்டாசி பிறந்த கையோடு, ஒரு லட்சத்துக்கு மேல் காற்றில் போகும். நவம்பர் முதல் வாரத்தில் பணம் தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. 2025-ல் தீபாவளி முடிந்து கார்த்திகை பிறக்க நாலு வாரம் இருந்தது. 2026-ல் ஒரு வாரம்தான். அதனால் தீபாவளி விளம்பரமும் கார்த்திகைக் கல்யாண விளம்பரமும் அக்டோபரில் ஒன்றாக ஓடும். இரண்டுக்கும் தனித்தனி கேம்பெய்ன், தனித்தனி பட்ஜெட் வையுங்கள். ஒரே பட்ஜெட்டில் விட்டால் சீக்கிரம் முடிவெடுக்கிற தீபாவளி ஆட்கள் பக்கமே விளம்பரத் தளத்தின் மெஷின் பணத்தைத் தள்ளும்.

கல்யாணப் பட்டுக்கு எப்ப ஆரம்பிக்கணும்? முகூர்த்த மாசம் பிறந்ததும் போட்டா போதாதா?

போதாது. பிளவுஸை நினைத்துப் பாருங்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சேலை எடுத்த பிறகு பிளவுஸ் தைக்க வேண்டும், ஆரி வேலை போட வேண்டும், சீசனில் ஆரிக்காரர் இரண்டு மூன்று வாரம் கேட்பார். அதனால் முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் மிகக் குறைவு. அந்த வாரத்தில் ஓடுகிற கல்யாண விளம்பரம் பெரும்பாலும் ஏற்கெனவே எடுத்து முடித்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும்.

உங்கள் கடைக்கு எத்தனை நாள் என்பதை நீங்களே எடுக்கலாம். போன சீசனில் வந்த கல்யாணப் பில்களில் ஐம்பதை எடுத்து, அந்த நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் முதல் மெசேஜ் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். அந்தத் தேதிக்கும் பில் தேதிக்கும் இடையில் உள்ள நாட்களை வரிசையாக எழுதி நடுவில் வருவதை எடுங்கள். நம் கற்பனைக் கடைக்கு 24 நாள் என்று வைப்போம். பில்லுக்குப் பிறகு பிளவுஸுக்கு மூன்று வாரம். ஆக முகூர்த்தத்துக்கு ஆறு ஏழு வாரம் முன்பே விளம்பரம் ஓட வேண்டும்.

மார்கழியில கடையே காத்தாடுது. அப்ப மொத்தமா நிறுத்திடலாமா?

போன பதிலைச் சேர்த்துப் படியுங்கள். தை கடைசியிலும் மாசியிலும் கல்யாணம் வைத்திருக்கிற வீடுகள் மார்கழியில்தான் பார்க்க ஆரம்பிக்கின்றன. நிறையக் குடும்பங்கள் மார்கழியில் பில் போடத் தயங்கும், ஆனால் டிசைன் பார்ப்பதையும் விலை கேட்பதையும் யாரும் நிறுத்துவதில்லை. அதனால் டிசம்பர் பின்பாதியில் "இப்போதே வாங்குங்கள்" என்று கத்தாமல், வாட்ஸ்அப்பில் கேட்லாக் அனுப்புகிற மாதிரி விளம்பரம் போடுங்கள். டிசம்பரில் செலவாகும் 5 சதவீதம் அதற்குத்தான்.

முழுக்க நிறுத்தினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. உங்கள் வெப்சைட்டைப் பார்த்தவர்களின் பட்டியலை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் மெட்டா அதிகபட்சம் 180 நாள்தான் வைத்திருக்கும், கூகுள் 540 நாள் வரை. தீபாவளிக்கு வந்து பார்த்துவிட்டு எடுக்காமல் போனவர்கள் தையில் கூப்பிடத் தகுந்த ஆட்கள். அந்தப் பட்டியலில் புது ஆள் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆடியிலும் இதே கதைதானா?

கிட்டத்தட்ட. ஆடியில் கல்லாவுக்கு வருகிற கூட்டம் தள்ளுபடிக் கூட்டம், ஆனால் அதே நாட்களில் ஆவணிக் கல்யாண வீடுகள் விசாரிக்க ஆரம்பித்திருக்கும். இரண்டையும் ஒரே விளம்பரத்தில் போட்டால் கல்யாணப் பட்டு கேட்டு வருகிறவரும் "ஆடி ஆஃபர் இதற்கும் உண்டா?" என்றுதான் ஆரம்பிப்பார், அப்புறம் அவரிடம் முழு விலை சொல்வது கஷ்டம். ஆடியின் 8-ஐத் தள்ளுபடிச் சரக்குக்கு மட்டும் வைத்து, கடையைச் சுற்றி முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் நிறுத்துங்கள். ஆவணியின் 10-ஐ ஜூலை முதல் வாரத்திலிருந்தே தனியாக, தள்ளுபடி என்ற பேச்சே இல்லாமல் ஓட்டுங்கள்.

தீபாவளி நேரத்துல விளம்பர ரேட்டே ஏறிடுது. அதுக்கு முன்னாடியே பணத்தைப் போட்டு முடிச்சிட்டா லாபம்தானே?

ரேட் ஏறுவது உண்மை. 2025-ல் அமேசான், ஃப்ளிப்கார்ட் இரண்டும் பண்டிகை விற்பனையை செப்டம்பர் 23 அன்று ஆரம்பித்தன. அந்த மாதிரி நாட்களில் உங்கள் வாடிக்கையாளரின் மொபைல் திரையில் ஒரு இடத்துக்கு அவர்களும் உங்களோடு ஏலம் கேட்கிறார்கள். எவ்வளவு ஏறியது என்று ஊர்ப் பேச்சைக் கேட்க வேண்டாம், மெட்டாவின் Ads Manager-ல் போன வருஷத்தை வாரவாரியாகப் பிரித்து `CPM` பத்தியை, அதாவது ஆயிரம் தடவை காட்ட ஆன செலவைப் பாருங்கள்.

ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்காத நாளில் காட்டிப் பிரயோஜனம் இல்லை. ஆயிரம் பேருக்குக் காட்டும் செலவு ஒன்றரை மடங்கு ஆகி, பார்த்தவர்களில் வாங்குகிறவர்கள் மூன்று மடங்கு ஆனால் ஒரு பில்லுக்கான செலவு பாதியாகத்தான் ஆகிறது. மலிவான வாரங்களில் வீடியோவைக் காட்டிப் பட்டியல் சேருங்கள், ஏறின வாரங்களில் அந்தப் பட்டியலுக்கு மட்டும் பெரும்பணத்தைப் போடுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு 90,000 வைத்திருப்பது இதற்காகத்தான்.

கடைசி வாரத்தில் நாள் கணக்கு ஏறவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள், அதற்கு முந்தைய இரண்டு வாரத்திலும் கடைசி வாரத்திலும் நாளுக்குச் சுமார் 12,860-தான். கூரியர்கள் அந்த வாரத்தில் திணறும், வெளியூர் ஆர்டரை எடுத்துவிட்டுத் தீபாவளிக்குள் சேர்க்க முடியாது. உங்கள் கடைசி அனுப்பும் தேதி தாண்டியதும் வெளியூர் விளம்பரத்தை நிறுத்தி, கடைக்கு நேரில் வரக்கூடிய சுற்றுவட்டாரத்துக்குத் திருப்புங்கள்.

சீசன் ஆரம்பிக்கிற அன்னிக்கு ஒரே அடியா பட்ஜெட்டை நாலு மடங்கு ஏத்தலாமா?

மெட்டாவில் வேண்டாம். பட்ஜெட்டைப் பெரிதாக மாற்றினால் விளம்பரத் தொகுப்பு யாருக்குக் காட்டலாம் என்று மறுபடி கற்கும் கட்டத்துக்குப் போகும், அதிலிருந்து வெளியே வர ஒரு வாரத்தில் சுமார் 50 பலன்கள் வேண்டும். அந்த நாட்களில் செலவு தாறுமாறாக இருக்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றவே கூடாது என்று சொல்வார்கள், அது அனுபவத்தில் வந்த கணக்கு, மெட்டா போட்ட சட்டம் இல்லை.

சின்னக் கடைக்கு வாரம் 50 பில் விளம்பரத்தால் மட்டும் வராது. அதனால் வாங்குவதைப் பலனாக வைக்காமல் வாட்ஸ்அப் உரையாடல் தொடங்குவதைப் பலனாக வையுங்கள், 50 சீக்கிரம் எட்டும். கூகுளில் `Seasonality adjustments` என்று ஒன்று இருக்கிறது, அது ஒரு நாள் முதல் ஏழு நாள் வரையிலான திடீர் மாற்றத்துக்கானது. மூன்று நாள் ஆஃபருக்குப் போடலாம். மாதக்கணக்கில் நடக்கிற தீபாவளி சீசனுக்கு அதைப் போட வேண்டியதில்லை.

கூகுள்ல நாளுக்கு ஆயிரம்னு போட்டேன், ஒரே நாள்ல ரெண்டாயிரம் எடுத்துட்டான். ஏமாத்துறாங்களா?

இல்லை, அது அவர்கள் சொல்லிவைத்த விதிதான். நீங்கள் போடுவது நாள் சராசரி. ஒரு நாளில் அதைப்போல இரண்டு மடங்கு வரை போகலாம், மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாது. ஆயிரம் போட்டால் மாதம் 30,400.

காலண்டரில் இது எங்கே இடிக்கும் என்றால், மாத நடுவில் பட்ஜெட்டை மாற்றும்போது. தீபாவளி முடிந்த மறுநாள் மறக்காமல் இறக்குங்கள். அந்த வாரம் கடையில் எல்லோரும் களைத்துப்போய் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள், உயர்த்தின பட்ஜெட் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். கேம்பெய்ன் போடும்போதே முடிவுத் தேதியைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஜிஎஸ்டி அந்த 12 லட்சத்துக்குள்ளயா, வெளியயா?

வெளியே என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். விளம்பரத்துக்கு 18 சதவீதம், ஆக கையிலிருந்து போவது 14,16,000. விளம்பரக் கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைச் சரியாகப் போட்டிருந்தால் 2,16,000-ஐ உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அது கிடைக்காது, அவர்களுக்கு 14.16 லட்சமும் செலவுதான், விளம்பரத்துக்கு 12 மட்டுமே ஒதுக்க முடியும் என்றால் ஓட்டுவதற்குச் சுமார் 10.17 லட்சம்தான் மிஞ்சும்.

கார்டையும் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகப் பிடிக்கும் தொகை 15,000-ஐத் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேண்டும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று கட்டணம் நின்று, விளம்பரமும் நின்று, கடைக்காரர் கூட்டத்தில் மொபைலையே பார்க்காமல் இருந்த கதைகள் நிறைய. சீசனுக்கு முன்னாலேயே முன்பணம் ஏற்றி வைத்துவிடுங்கள்.

கையிருப்புன்னு 7 சதவீதம் சும்மா வச்சிருக்கீங்களே, அது எதுக்கு?

மழைக்கும் தேர்தலுக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள் வெள்ளத்தில் நின்றன. அந்த வாரம் அந்த ஊர்களுக்குச் சேலை விளம்பரம் காட்டுவது பண விரயம், பார்க்கவும் நன்றாக இருக்காது. அந்த மாவட்டங்களை மட்டும் நிறுத்தி, இரண்டு வாரம் கழித்து மிச்சத்தோடு கையிருப்பையும் சேர்த்து ஓட்டலாம். 2026 மாதிரி தீபாவளி நவம்பருக்குத் தள்ளிப்போகிற வருஷங்களில் வடகிழக்குப் பருவமழையோடு அது நேராக மோதும்.

தேர்தல் என்றால், அறிவிப்பு வந்ததிலிருந்து வாக்குப்பதிவு வரை ஆவணம் இல்லாமல் 50,000-க்கு மேல் ரொக்கம் எடுத்துப்போனால் பறக்கும் படை பிடிக்கும். 2024-ல் இங்கே வாக்குப்பதிவு ஏப்ரல் 19, சரியாகச் சித்திரைக் கல்யாணப் பர்ச்சேஸ் நேரம். கிராமத்திலிருந்து குடும்பத்தோடு வேன் எடுத்து ரொக்கத்தோடு வருகிறவர்கள் தள்ளிப்போடுவார்கள். அப்போது விளம்பரத்தில் யுபிஐ, கார்டு வசதியை முன்னால் சொல்லி, செலவை வாக்குப்பதிவு முடிந்த வாரத்துக்கு நகர்த்த வேண்டியிருக்கும்.

கடை ஆரம்பிச்சே எட்டு மாசம்தான் ஆகுது. மூணு வருஷப் பில்லுக்கு எங்க போறது?

கூகுள் ட்ரெண்ட்ஸில் தமிழ்நாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, பட்டுச்சேலை சம்பந்தமான சொற்களை ஐந்து வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். அது தேடினவர்களின் எண்ணிக்கையைச் சொல்லாது, உச்ச வாரத்தை 100 என்று வைத்து மற்ற வாரங்களை ஒப்பிட்டுக் காட்டும். நமக்குத் தேவையும் அதுதான். அதோடு உங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் எந்தெந்தத் தேதி நிரம்பியிருக்கிறது என்று கேளுங்கள். மண்டபத் தேதியிலிருந்து ஆறு ஏழு வாரம் பின்னால் எண்ணினால் விளம்பரத் தேதி வந்துவிடும். முதல் வருஷம் கையிருப்பை மட்டும் 7-க்குப் பதில் 20 ஆக வையுங்கள், ஊகம் தப்பும்.

தீபாவளிக்குக் கூட்டம் தானா வரும். விளம்பரத்தால வந்தது எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?

டாஷ்போர்டைக் கேட்டால் எல்லாமே தன்னால்தான் என்று சொல்லும். ஒரு மாவட்டத்தை விட்டுப் பாருங்கள். வேலூரில் ஓட்டுங்கள், விழுப்புரத்தில் இரண்டு வாரம் நிறுத்துங்கள், பில்லில் பின்கோடு கேட்டு எழுதுங்கள். போன வருஷம் அதே சீசனில் இரண்டிலிருந்தும் 100 பில் வந்தது, இந்த வருஷம் வேலூரில் 130, விழுப்புரத்தில் 115 என்றால், விளம்பரம் கொண்டு வந்தது 15 பில். வேலூருக்கு 12,000 செலவு என்றால் பில்லுக்கு 800. சேலைக்கு 2,500 நிற்கிற சீசனில் அது சரி, 500 நிற்கிற ஆடியில் கட்டாது. எண்ணிக்கை சின்னது என்பதால் ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாமல் அடுத்த சீசனில் மாவட்டங்களை மாற்றி இன்னொரு தடவை செய்யுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, எடை போடும்போது ரொம்பப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். மெட்டா சாதாரணமாக, விளம்பரத்தைத் தொட்டு 7 நாளுக்குள் அல்லது பார்த்து ஒரு நாளுக்குள் நடந்ததைத்தான் தன் கணக்கில் சேர்க்கும். தீபாவளிச் சேலை எடுப்பவர் அந்த 7 நாளுக்குள் முடித்துவிடுவார். கல்யாணப் பட்டுக்காரர் 24 நாள் எடுத்துக்கொள்கிறார், அவர் பில் கணக்கில் வரவே வராது. டாஷ்போர்டை மட்டும் வைத்து அடுத்த வருஷ எடையைப் போட்டால் கல்யாண சீசன்கள் ஒவ்வொரு வருஷமும் மெலிந்து, தீபாவளி பருத்துக்கொண்டே போகும். முதல் மெசேஜ் தேதியையும் பில்லையும் ஒப்பிடும் அந்தப் பட்டியலைத்தான் நம்ப வேண்டும்.

முதல் காலாண்டுல 40,000 செலவாகாம மிச்சம். அதை அப்படியே தீபாவளிக்குத் தள்ளிடலாமா?

ஏன் மிச்சமானது என்று பாருங்கள். பட்ஜெட் இருந்தும் கூகுள் எடுக்கவில்லை என்றால் தேடுகிற ஆள் அவ்வளவுதான் இருந்தார்கள், அந்த சீசனின் 22-ஐ அடுத்த வருஷம் குறைக்கலாம். கார்டு நின்றதாலோ, விளம்பரப் படம் தயாராகாததாலோ மிச்சம் என்றால் எடையில் தப்பில்லை, அதைத் தொடாதீர்கள்.

பணத்தை நகர்த்துவதாக இருந்தாலும் நேராகத் தீபாவளிக்குப் போகாதீர்கள், அங்கே ஏற்கெனவே 30 இருக்கிறது, கூடப் போடுகிற ஒவ்வொரு ஆயிரமும் முந்தைய ஆயிரத்தைவிடக் குறைவாகத்தான் கொண்டு வரும். ஆவணியிலோ கார்த்திகையிலோ `Limited by budget` போன வருஷம் எத்தனை நாள் இருந்தது என்று பார்த்து அங்கே போடுங்கள். இரண்டிலும் இல்லை என்றால் அந்த 40,000-ஐக் கையிருப்பில் சேர்த்துவிடுங்கள், மார்ச்சில் சித்திரைக் கல்யாண விளம்பரம் ஆரம்பிக்கும்போது உதவும்.